கட்அவே போடும் முன்: எடிட்டிங் பழகும் பிள்ளைகளுக்கு

பாம்பனில் திண்ணையில் அமர்ந்து வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர், 1964 டிசம்பர் புயலைப் பற்றி எங்களிடம் 22 நிமிடம் பேசினார். ஒரே கேமரா, ஒரே கோணம். அதிலிருந்து 4 நிமிடப் படம் செய்ய வேண்டும். நடுவில் வெட்டினால் தலை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் துள்ளும், தோளில் கிடந்த துண்டு மடிக்கு வந்துவிடும். இதைத்தான் ஜம்ப் கட் என்கிறோம். அந்த இடத்தில் அவர் கையையோ கடலையோ காட்டி, குரலை மட்டும் ஓடவிட்டால் வெட்டு தெரியாது. இந்தக் கட்அவே ஷாட்டை எப்படிப் பயன்படுத்துவது என்று அந்தப் பெரியவரின் பேச்சை வைத்தே சொல்கிறேன்.

1. முதலில் காதால் வெட்டுங்கள்.

படத்தைத் துள்ளவிட்டு, குரலை மட்டும் 4 நிமிடத்துக்குக் கோத்து முடியுங்கள். பிறகு திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கேளுங்கள். காதில் ஒட்டு தட்டுப்பட்டால் எந்தப் படம் வைத்தாலும் தட்டுப்படும். பெரும்பாலும் மூச்சில்தான் தவறு நடக்கும். அடுத்த வாக்கியத்துக்காக அவர் இழுத்த மூச்சை அதனோடு சேர்த்தே வையுங்கள். மூச்சில்லாமல் தொடங்கும் வாக்கியம், வேறு எங்கிருந்தோ பிடுங்கி வைத்தது போலக் கேட்கும்.

2. தமிழில் வாக்கியத்தின் வாலை வெட்டாதீர்கள்.

இருப்பதில் முக்கியமான அறிவுரை இதுதான். பெரியவர் சொன்னது: “தனுஷ்கோடிக்குப் போன ரயிலைக் கடல் அடிச்சிட்டுப் போயிருச்சுன்னு மறுநாள் வந்து சொன்னாங்க.” எடிட்டிங்கில் இருந்த தம்பி, நீளம் குறைக்க ‘போயிருச்சு’ என்பதோடு நிறுத்திவிட்டான். மேலே அலை அடிக்கும் ஷாட்டையும் வைத்தான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அன்றிரவு பாம்பனில் இருந்த மனிதர், தனுஷ்கோடி அருகே ரயில் போனதைக் கண்ணால் கண்ட சாட்சியாகிவிட்டார்.

நம் மொழியில் ‘இல்லை’, ‘சொன்னாங்க’, ‘போல இருக்கு’ எல்லாம் கடைசியில் வரும். நேரம் மிச்சம் பிடிக்க நாம் கத்தரி வைப்பதும் அங்கேதான். மூடாத ஜம்ப் கட் என்றால், இங்கே ஏதோ வெட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பவருக்காவது தெரியும். கட்அவே அந்தத் தடயத்தையும் அழித்துவிடும். அதனால் மூடப்போகும் ஒவ்வொரு வெட்டையும், முன்னும் பின்னும் இருந்த அசல் பேச்சோடு ஒருமுறை ஒப்பிட்டுக் கேளுங்கள்.

3. என்ன ஷாட் வேண்டும் என்பதைப் பேச்சைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் பேசும்போதே குறித்துக்கொண்டு, கிளம்புவதற்குள் எடுத்துவிடுங்கள். மறுநாள் போனால் வெயிலும் வேறு, சட்டையும் வேறு. வலை ஊசி பிடித்த விரல்கள், திண்ணைக்கு எதிரே உள்ள சந்து, கரையில் நிற்கும் வல்லம் என்று ஒவ்வொன்றையும் கேமராவை அசைக்காமல் 10 விநாடியாவது எடுங்கள். 3 விநாடிதான் பயன்படும், ஆனால் எந்த 3 என்பது மேசையில் உட்கார்ந்தால்தான் தெரியும். வாய் தெரியும் ஷாட் கட்அவேக்கு உதவாது. உதடு ஒன்று சொல்ல, குரல் வேறொன்று சொல்லும்.

4. வெட்டின் மேலேயே கட்அவேயைத் தொடங்காதீர்கள்.

பெரியவர் “ராத்திரி காத்து திரும்புச்சு” என்றவர், அண்ணன் கல்யாணக் கதைக்குப் போய் 40 விநாடி கழித்துத்தான் “விடிஞ்சு பார்த்தா பாலத்துல தூண்தான் நிக்குது” என்றார். கல்யாணக் கதையை எடுத்துவிட்டோம். ‘காத்து’ என்ற சொல் வரும்போதே விரல்களைக் காட்டத் தொடங்கினோம். அது வெட்டுக்கு ஏறக்குறைய ஒரு விநாடி முன்பு, அதாவது 25 ஃப்ரேம். வெட்டைத் தாண்டி இரண்டு விநாடி விரல்களிலேயே இருந்தோம். ‘தூண்தான்’ என்ற சொல்லுக்கு முகத்துக்குத் திரும்பினோம். படமும் குரலும் ஒரே ஃப்ரேமில் மாறினால் கண்ணும் காதும் சேர்ந்து விழித்துக்கொள்ளும். ஒன்று மாறும்போது மற்றது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு விநாடிக்கும் குறைவான கட்அவே, எதையோ மறைக்கிறோம் என்று காட்டிக்கொடுக்கும்.

5. காற்றைப் பதிவு செய்துகொண்டு வாருங்கள்.

எங்கள் ஊரில் காற்று ஒரே சீராக அடிக்காது. ஒரு வாக்கியத்தில் இரைச்சல், அடுத்ததில் அமைதி என்றால் ஒட்டு காதில் விழும். பேட்டி முடிந்ததும் அவர் உட்கார்ந்தபடியே இருக்க, மைக்கை நகர்த்தாமல் ஒரு நிமிடம் எல்லோரும் சும்மா இருங்கள். அந்த ஒலியை எல்லா வெட்டுகளுக்கும் அடியில் விரித்து, சேரும் இடத்தில் இரண்டு மூன்று ஃப்ரேம் கலக்கவிடுங்கள்.

ஓரிடத்தில் அவர் பேச்சுக்குப் பின்னால் வல்லத்து எஞ்சின் ஓடி, வெட்டில் பட்டென்று நின்றது. அதே வல்லத்தை அன்று கரையில் எடுத்திருந்தோம். அந்த ஷாட்டை அங்கே வைத்து, அதன் எஞ்சின் சத்தத்தையும் வெட்டைத் தாண்டி மெல்லத் தேயவிட்டோம். சத்தத்துக்குக் காரணம் கண்ணுக்குத் தெரிந்ததால் காது சமாதானமானது.

6. ஊர்க்காரர் கண்ணுக்குப் பொய்யாகப் படும் ஷாட் வேண்டாம்.

அவர் சொன்ன பாலம் 1914-இல் திறந்த பழைய ரயில் பாலம். கப்பலுக்கு வழிவிட, நடுவில் அது இரண்டு கையாகப் பிரிந்து மேலே எழுந்துவந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் நடுத்துண்டு முழுதாக, நேராக மேலே ஏறும். புயல் கதைக்கு மேல் புதுப் பாலத்தை வைத்தால் சென்னையில் யாரும் கேட்கமாட்டார்கள், பாம்பனில் சிறு பிள்ளையும் கேட்கும். அதுபோல வாடைக் காலத்தில் கொந்தளிப்பது பாக் நீரிணைப் பக்கத்து வடகடல். அவர் வாடையைப் பற்றிப் பேசும்போது, நீங்கள் வேறொரு மாதம் எடுத்த அமைதியான வடகடலை வைக்காதீர்கள். சரியான ஷாட் இல்லையென்றால் விரல்களே போதும். அவை எதையும் தப்பாகச் சொல்லாது.

7. நெஞ்சு அடைக்கும் இடத்தில் முகத்தை விடுங்கள்.

தூண் மட்டும் நின்றதைச் சொன்ன பிறகு பெரியவர் நான்கு விநாடி பேசவில்லை. ஊசி நின்றுவிட்டது. அந்த இடைவெளியை வெட்டவும் கூடாது, வேறு படத்தால் மூடவும் கூடாது. அதற்குச் சற்றுப் பின்னால் ஒரு வெட்டு மூடாமல் துள்ளத்தான் செய்தது. துள்ளட்டும் என்று விட்டுவிட்டோம்.

8. பேசியவருக்குக் காட்டிவிட்டு வெளியிடுங்கள்.

மறைத்த வெட்டு எங்கே இருக்கிறது என்று உங்களைத் தவிர அறிந்தவர் ஒருவர்தான், பேசிய மனிதர். நாங்கள் காட்டியபோது பெரியவர் ரயில் வாக்கியத்தில் கை தூக்கினார்: “தம்பி, அதை நான் பாக்கலப்பா. சொன்னாங்கன்னுதானே சொன்னேன்?” ‘மறுநாள் வந்து சொன்னாங்க’ என்பதைத் திரும்பச் சேர்த்தோம். படம் இரண்டு விநாடி நீண்டது. உங்கள் டைம்லைனிலும் அந்த இரண்டு விநாடிக்கு இடம் வையுங்கள்.