புதியவர்க்கு ஒரு கடிதம்

மலையடிவார நகரம் ஒன்றில் வானோக்கர் கழகம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அக்கழகத்தார் திங்கள்தோறும் அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமையன்று, நகர விளக்குகளின் ஒளி எட்டாத மலைத் திடல் ஒன்றிற்குச் சென்று, தொலைநோக்கிகளை நிறுவி விண்மீன்களைக் காண்பர். விருப்பமுடையோர் எவரும் கட்டணமின்றி வரலாம். முதன்முறை வருவோர் தம் பெயரைப் பதிந்துகொண்டால், கழகச் செயலாளர் மின்னஞ்சல் வழியாக அவர்களுக்கு ஒரு வரவேற்புக் கடிதம் அனுப்புவார்.

2025 டிசம்பர்த் திங்களில் அவர் அனுப்பிய கடிதம் இது: “சனிக்கிழமை மாலை மலைத் திடலில் வானத்தைக் காண்கிறோம். தாங்களும் குடும்பத்தாரும் தவறாது வருக. தங்கள் வரவு எங்களுக்குப் பெருமகிழ்ச்சி தரும்.”

கடிதம் இனிமையானதே. அதனைப் பெற்ற ஓர் ஆசிரியர், பன்னிரண்டு வயதுள்ள தம் மகளை அழைத்துக்கொண்டு புறப்பட்டார். இருட்டிய பின்னரன்றோ விண்மீன்கள் தோன்றும் என்று எண்ணி, இரவு உணவை முடித்துக்கொண்டு எட்டு மணிக்கு மலைமேல் சேர்ந்தார். வாயிலில் எவரும் இல்லை. வண்டியை எங்கே நிறுத்துவதென்று தெரியவில்லை. பேச்சுக்குரல் வந்த திசையை நோக்கி வண்டியைச் செலுத்தினார். அதன் முகப்பு விளக்கின் ஒளி திடல் முழுவதும் பாய்ந்தது. “விளக்கை அணையுங்கள்!” என்று பல குரல்கள் ஒருங்கே எழுந்தன. அவர் அஞ்சி வண்டியை நிறுத்திக் கதவைத் திறக்க, உள்விளக்கு எரிந்தது. மகள் வழி காண்பதற்காகக் கைப்பேசி விளக்கை ஏற்றினாள். மீண்டும் குரல்கள் எழுந்தன. இருளில் எவர் முகமும் தெரியவில்லை. யாரிடம் சென்று பேசுவதென்றும் விளங்கவில்லை. குளிரில் கால்மணி நேரம் நின்றபின் இருவரும் திரும்பிவிட்டனர். அன்று அச்சிறுமி கண்டது விண்மீன்களை அல்ல. தன் தந்தை தலைகுனிந்து நின்றதையே.

திடலில் இருந்தோர் சினந்ததற்குக் காரணம் உண்டு. ஒளியிலிருந்து இருளுக்குள் நாம் செல்லும்போது, கண்மணி சில நொடிகளில் விரிந்துவிடும். ஆயினும், மங்கிய ஒளியைக் காண விழித்திரைக்குத் துணைபுரியும் ரொடாப்சின் என்னும் நிறப்பொருள் மிக மெல்லவே பெருகும். கண் இருளுக்கு நன்கு பழகுவதற்கு 20 முதல் 30 நிமிடம் வேண்டும். வலிய வெண்ணிற ஒளி ஒருமுறை பட்டால், சில நொடிகளில் அப்பழக்கம் குலைந்துவிடும். பின்னர் முதலிலிருந்தே தொடங்க வேண்டும். மங்கிய சிவப்பு ஒளியோ இந்நிறப்பொருளை அவ்வளவாகத் தாக்குவதில்லை.

இவற்றையெல்லாம் புதியவர் எவ்வாறு அறிவார்? செயலாளர் மறுநாள் முழுதும் இதனை எண்ணிப் பார்த்தார். பிழை ஆசிரியருடையதன்று, தம் கடிதத்தினுடையதே என்று உணர்ந்து, அடுத்த கூட்டத்திற்குப் புதிய கடிதம் ஒன்றை வரைந்தார். அது வருமாறு:

பொருள்: 17-1-2026 சனிக்கிழமை வானோக்கம் – முதன்முறை வருவோர்க்கு

அன்புடையீர், வணக்கம். தாங்கள் முதன்முறையாக எங்களோடு வானம் காண வரவிருப்பது அறிந்து மகிழ்கிறோம். தாங்கள் அறிய வேண்டுவன நான்கு.

வரும் நேரம்: மாலை 5.30 மணிக்கு வந்து சேருங்கள். கதிரவன் 6.10 மணியளவில் மறையும். முழு இருள் சூழ 7.20 மணி ஆகும். 6.30 மணிக்குப் பின் வர நேர்ந்தால், சாலையோர அரசமரத்தடியில் வண்டியை நிறுத்தி, விளக்குகளை அணைத்துவிட்டு நடந்து வாருங்கள். இரண்டு நிமிட நடையே.

வண்டி நிறுத்துமிடம்: வாயிலுக்கு இடப்புறம் சுண்ணாம்புக் கோடு இட்டிருக்கிறோம். வண்டியின் முகப்புச் சாலையை நோக்கியிருக்குமாறு நிறுத்துங்கள். 9 மணிக்கு முன் திரும்ப எண்ணுவோர் வாயிலை அடுத்த முதல் வரிசையில் நிறுத்துக. நெடுந்தொலைவு நடக்க இயலாதவரை 6 மணிக்கு முன் திடலருகே இறக்கிவிடலாம்.

கொண்டுவர வேண்டுவன: கம்பளி உடை, குடிநீர், இரவு உணவு, சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய கைவிளக்கு. தொலைநோக்கி வேண்டா, எங்களிடம் உண்டு.

தொடர்பு: கழகத் துணைச் செயலாளர் வெள்ளைச் சால்வை அணிந்து வாயிலில் நிற்பார். அவருடைய தொலைபேசி எண்ணைக் கீழே தந்துள்ளோம். மலைமேல் தொலைபேசித் தொடர்பு கிட்டாது. ஆதலின் அடிவாரச் சிற்றூரிலிருந்தே அழையுங்கள். வானம் முகில் சூழ்ந்திருந்தால் அன்று பகல் 2 மணிக்குச் செய்தி அனுப்புவோம்.

இக்கடிதத்தின் நுட்பத்தைச் சிறிது நோக்குவோம். ‘மாலை’ என்னும் சொல் ஒவ்வொருவர்க்கும் ஒவ்வொரு நேரத்தைக் குறிக்கும்; ‘5.30’ என்பது அவ்வாறு மயங்காது. இருள் சூழும் நேரத்தையும் குறித்தமையால், முன்னரே வருவதன் காரணத்தை அவர் உணர்வார். காரணம் விளங்கிய கட்டளை எளிதில் மறவாது. தாமதமாக வருவோர்க்கும் ஒரு வழி கூறப்பட்டிருக்கிறது. அவ்வழி கூறப்படாவிடின், அவர் டிசம்பரில் நிகழ்ந்ததையே மீண்டும் நிகழ்த்துவார்.

வண்டியின் முகப்புச் சாலையை நோக்கியிருந்தால், புறப்படும்போது அதன் ஒளி திடலின்மேல் படாது. பின்னோக்கிச் செலுத்தும்போது எரியும் வெள்ளை விளக்கும் எரிய நேராது. முன்னரே திரும்புவோர்க்கு முதல் வரிசையை ஒதுக்கியதும் இது கருதியே. நடுவில் நின்ற வண்டியை வெளியேற்றப் பிற வண்டிகளையும் நகர்த்த நேரிடுமன்றோ?

கொண்டுவர வேண்டாதது இன்னது என்று சொன்னதும் தேவையானதே. ‘நம்மிடம் தொலைநோக்கி இல்லையே’ என்று எண்ணி வாராது நின்றுவிடுவோர் பலர். தொடர்புக்குரியவராகச் செயலாளர் தம்மைக் குறிக்காததையும் நோக்குக. அவர் அந்நேரத்தில் தொலைநோக்கியைச் சரிசெய்துகொண்டிருப்பார். புதியவரை எதிர்கொள்வதற்குக் கையில் வேறு வேலை இல்லாத ஒருவரே ஏற்றவர்.

கடிதத்தை அனுப்புமுன் செயலாளர் ஒரு சோதனை செய்தார். வானோக்கத்திற்கு ஒருநாளும் வந்திராத அண்டை வீட்டாரிடம் அதனைப் படிக்கக் கொடுத்து, “எப்போது புறப்படுவீர்? வண்டியை எங்கே நிறுத்துவீர்? வழி தவறினால் என்ன செய்வீர்?” என்று வினவினார். முதல் இரண்டிற்கும் விடை வந்தது. மூன்றாவதற்கு அவர், “மலைமேல் சென்று தொலைபேசியில் அழைப்பேன்” என்றார். அடிவாரத்திலிருந்தே அழைக்க வேண்டும் என்னும் தொடர் அதன் பின்னரே கடிதத்தில் சேர்ந்தது.

அக்கடிதத்தின் முதற்படி அந்த ஆசிரியருக்கே சென்றது. “சென்ற முறை தங்களுக்கு நேர்ந்த இடருக்கு எங்கள் கடிதமே காரணம், பொறுத்தருள்க” என்று ஒரு வரி அதில் கூடுதலாக இருந்தது. சனிக்கிழமை 5.30 மணிக்குத் தந்தையும் மகளும் வாயிலை அடைந்தனர். வெள்ளைச் சால்வை அணிந்தவர் முன்வந்து, “வருக, ஐயா. வா, அம்மா” என்று அழைத்துச் சென்றார். ஏழரை மணிக்கு அச்சிறுமி, வடமேற்கு வானில் மங்கிய வெண்புகைத் திட்டுப்போல் தோன்றிய ஆந்திரோமீடா விண்மீன் மண்டலத்தை வெறுங்கண்ணாலேயே கண்டாள். ஏறத்தாழ 25 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்து புறப்பட்ட ஒளி அது. அவள் கண் இருளுக்குப் பழகியிருந்தமையால் அது அவளுக்குப் புலனாயிற்று.