கடை உள்ளமைப்பு: மூன்று மாதிரிப் படங்களை வரிசைப்படுத்தியது எப்படி?

என்னிடம் இருபது வருஷமாகச் சரக்கு எடுக்கும் மளிகைக் கடைத் தம்பி ஒருவர், சென்ற ஆண்டு ஒரு மாலை மூன்று கலர்ப் படங்களோடு என் கிட்டங்கிக்கு வந்தார். "அண்ணாச்சி, கடையை மாத்தி அமைக்கப் போறேன். இன்டீரியர்காரர் மூணு மாதிரி போட்டுக் குடுத்திருக்கார். எது முதல், எது ரெண்டாவதுன்னு நீங்களே வரிசை சொல்லுங்க" என்றார். கையில் இருந்த பணம் 6 லட்சம். வீட்டு நகையை வைத்து வாங்கியது. தெருவில் புதிதாக ஒரு சூப்பர் மார்க்கெட் வந்து, மாலை வியாபாரம் குறைந்திருந்தது. தவறான படத்தை எடுத்தால் நகையும் திரும்பாது, வாடிக்கையும் திரும்பாது.

நான் இந்த விஷயத்தில் ஒரு தரம் சூடு கண்டவன். 2011இல் என் கடை முகப்பைப் படம் பார்த்தே மாற்றினேன். படத்தில் பளபளவென்றிருந்த கிரானைட் கவுண்டர் 42 அங்குல உயரம். அதன் மேல் தராசை வைத்ததும் எடை எண் வயதான தாய்மார்கள் கண்ணுக்கு எட்டவில்லை. எட்டாவது மாதம் உடைத்து இறக்கினேன். அதனால் தம்பியிடம், "இன்னிக்கு வரிசை சொல்ல மாட்டேன், ஒரு வாரம் குடு" என்றேன்.

படங்கள் இவை. முதல் படத்தில் கடை நடுவே இரு பக்கமும் சரக்கு வைக்கும் ரேக், சுற்றிலும் சுவர் ரேக், ஜிப்சம் பால்ஸ் சீலிங், மஞ்சள் விளக்கு. வாடிக்கையாளர் தானே எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவதில் பழைய முறைப்படி வாசலுக்கு அருகில் குறுக்கே கவுண்டர், பின்னால் கூரை வரை மர அலமாரி. மூன்றாவதில் அரைக் கவுண்டர். வலப்பக்கச் சுவரில் வாடிக்கையாளர் எடுக்கும் இரும்பு ரேக், இடப்பக்கம் மூட்டைகளும் சில்லறையாக நிறுத்துக் கொடுக்கும் சரக்கும். தம்பியின் மகனுக்கு முதல் படத்தின் மேல் ஆசை. எனக்கும் பார்த்தவுடன் அதுதான் பிடித்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

முதலில் பணத்தைப் பார்த்தோம். இன்டீரியர்காரர் சொன்ன தொகை முறையே 4,60,000, 3,60,000, 4,10,000. மூன்றும் 6 லட்சத்துக்குள்தான். ஆனால் அந்தத் தொகையில் எது சேரவில்லை என்று கேட்டு எழுதினால்தான் ஒப்பிட முடியும். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேரவில்லை. தம்பி காம்போசிஷன் திட்டத்தில் இருப்பதால் அந்த வரியைத் திரும்ப எடுக்க வழியில்லை. அது முழுதும் செலவுதான். முதல் படத்துக்கு மின்வேலை தனியாக 45,000. மூன்றாவதுக்கு 20,000. இரண்டாவதில் மின்வேலை உள்ளேயே அடக்கம். அப்புறம் யாரும் எழுதாத ஒரு செலவு உண்டு. வேலை நடக்கும் நாட்களில் கடை மூடியிருக்கும். தம்பிக்கு ஒரு நாள் வியாபாரம் 18,000, அதில் மார்ஜின் 1,800. முதல் படத்துக்கு 15 நாள், இரண்டாவதுக்கு 6 நாள், மூன்றாவதுக்கு 9 நாள் என்று ஆசாரியிடமும் எலக்ட்ரீஷியனிடமும் தனித்தனியாகக் கேட்டு வைத்தோம்.

எல்லாம் கூட்டினால் முதல் படம் 6,14,800, இரண்டாவது 4,35,600, மூன்றாவது 5,20,000. கையில் 6 லட்சம் என்றாலும் பத்தில் ஒரு பங்கை, அதாவது 60,000ஐத் தொடாமல் வைத்தோம். பழைய சுவரைத் தட்டினால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே வரம்பு 5,40,000. முதல் படம் வரம்பைத் தாண்டியது; கையிலிருந்த பணத்தையே தாண்டியது.

அதற்காக உடனே தள்ளிவிடவில்லை. பால்ஸ் சீலிங்கை எடுத்துவிட்டால் 70,000மும் அதன் வரி 12,600ம் மிச்சமாகி 5,32,200க்கு வந்துவிடும். அதை எடுப்பதில் எனக்கு வருத்தமும் இல்லை. மளிகைக் கடையில் பால்ஸ் சீலிங் போட்டால் மேலே எலி குடும்பம் நடத்தும். ஆனால் இங்கேதான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். செலவுக்கு மதிப்பெண் போடும்போது குறைத்த தொகையை எடுத்துக்கொண்டு, அழகுக்குப் போடும்போது குறைக்காத பழைய படத்தையே பார்க்கிறார்கள். சீலிங்கை எடுத்துவிட்டு, மறுபடி படம் போட்டுத் தரச் சொன்னோம். வந்த படத்தில் கான்கிரீட் தளமும் வெளியே ஓடும் மின்குழாயும் தெரிந்தன. அதைத்தான் மற்ற இரண்டோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்து, நடைமுறைக்கு ஒத்து வருமா என்பது. கலர்ப் படத்தை மூடி வைத்துவிட்டு, அளவு போட்ட தரைப்படத்தையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனோம். கலர்ப் படம் மூலையில் நின்று அகலமாகப் பார்ப்பது போல வரைந்திருக்கும். சிறிய கடையும் மண்டபம் போலத் தெரியும். கடை சுவருக்குச் சுவர் 11 அடி அகலம், 28 அடி நீளம். முதல் படத்தின் கணக்கு இப்படி: இரு சுவரிலும் ஒன்றேகால் அடி ரேக், நடுவே இரண்டரை அடி ரேக், போக மீதி 6 அடி, பக்கத்துக்கு 3 அடி நடைவழி. காகிதத்தில் சரி. ஆனால் கடை நடுவில் எதிரெதிரே இரண்டு தூண்கள் சுவரை விட்டு நாலரை அங்குலம் துருத்திக்கொண்டிருந்தன. தரைப்படத்தில் அவை இல்லை. அந்த இடத்தில் ரேக் முன்னே தள்ளி வரும். நடைவழி 2 அடி 7½ அங்குலம்தான். ஒருவர் குனிந்து கீழ்த்தட்டில் சோப்பு எடுத்தால், பின்னால் மூட்டை தூக்கி வரும் ஆள் நிற்க வேண்டியதுதான்.

இதை வாயால் சொன்னால் மகன் ஒப்புக்கொள்ள மாட்டான் என்று, என் கிட்டங்கித் தரையில் சாக்பீஸால் மூன்று படத்தையும் அதே அளவில் வரைந்தோம். ரேக் இருக்கும் இடத்தில் காலி அட்டைப் பெட்டிகளை அடுக்கினோம். 50 கிலோ சர்க்கரை மூட்டையோடு லோடுமேனை நடக்கச் சொல்லி, எதிரே என் மருமகளைக் கூடையோடு வரச் சொன்னேன். முதல் படத்தில் இரண்டு தரம் பெட்டிகள் சரிந்தன. மகன் அதற்கு மேல் பேசவில்லை.

இரண்டாவது படத்தில் குறை அலமாரித் தட்டில். 18 மி.மீ. பார்ட்டிக்கிள் போர்டு, தாங்குகட்டைகளுக்கு நடுவே 3 அடி. படத்தில் தட்டுக்கு நாலு ஜாடிதான் வரைந்திருந்தார்கள். நம் கடையில் அந்தத் தட்டில் ஒரு கிலோ பருப்புப் பாக்கெட் அறுபது ஏறும். அந்தப் பாரத்தில் பலகை கண்ணுக்குத் தெரியும்படி வளையும். மாதக்கணக்கில் ஆக ஆக வளைவு கூடிக்கொண்டே போகும். தாங்குகட்டையை 2 அடிக்கு ஒன்றாக வைத்தால், அதே நெருக்கத்தில் சரக்கு வைத்தாலும் வளைவு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகிவிடும். அதற்கு 10,000 ரூபாய் கூடும். கூடினாலும் இரண்டாவது படம் வரம்புக்கு வெகு கீழேயே நிற்கும். மூன்றாவதில் இரும்பு ரேக் என்பதால் அந்தத் தொல்லை இல்லை. அங்கேயும் கவுண்டர் 42 அங்குலம் என்று போட்டிருந்தார்கள்! 34 ஆக்கச் சொன்னோம்.

அழகுக்கு நாங்கள் செய்தது எளிது. தொகையைச் சொல்லாமல், தம்பியின் மனைவியையும் இரண்டு வாடிக்கைக்காரர்களையும் உட்கார வைத்து, இரண்டிரண்டு படமாகக் காட்டி எது பிடிக்கிறது என்று கேட்டோம். மூன்றையும் ஒன்றாகப் பரப்பினால் மிகப் பளபளப்பானதிலேயே கண் போய் நிற்கும். மஞ்சள் விளக்கு மட்டும் வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன். அந்த ஒளியில் நல்ல வெள்ளைப் பொன்னியும் பழுப்பாகத் தெரியும், பழைய அரிசி என்று சந்தேகப்படுவார்கள். ஒப்பிடுவதற்கு மூன்று படத்தையும் வெள்ளை விளக்கோடு போடச் சொன்னோம்.

மதிப்பெண் போடும் முன்பே எதற்கு எத்தனை பங்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். பிறகு எழுதினால், மனசுக்குப் பிடித்த படம் ஜெயிக்கிற மாதிரி பங்கை வளைப்போம். நடைமுறைக்கு 5, செலவுக்கு 3, அழகுக்கு 2 என்று முடிவு. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, பங்கால் பெருக்கிக் கூட்டினோம். முதல் படத்துக்குச் செலவில் 5, அழகில் 7, நடைமுறையில் 4, மொத்தம் 49. இரண்டாவதுக்கு 9, 5, 7, மொத்தம் 72. மூன்றாவதுக்கு 7, 7, 8, மொத்தம் 75.

75 பெரிது, 72 சிறிது என்று அங்கேயே முடித்துவிடக் கூடாது. பங்கைச் சிறிது மாற்றிப் பார்த்தேன். செலவுக்கும் நடைமுறைக்கும் 4, 4 என்று வைத்தால் இரண்டாவதும் மூன்றாவதும் 74இல் சமமாக நிற்கின்றன. அழகுக்கு 4 கொடுத்து மற்றவற்றுக்கு 3, 3 என்றாலும் முதல் படம் 55தான்; மற்றவை 68, 73. ஆக, முதல் படம் கடைசி என்பது உறுதி. மற்ற இரண்டில் எது முதல் என்பதை இந்த மதிப்பெண் சொல்லவில்லை. அதற்கு வேறு சாட்சி வேண்டும்.

அந்தச் சாட்சி தம்பியின் கல்லாவில் இருந்தது. மூன்று நாள் மாலை 6 மணி முதல் 8 வரை போட்ட பில்களை எண்ணச் சொன்னேன். 140 பில். நிறுத்துக் கொடுக்கும் சில்லறைச் சரக்கு மட்டுமே உள்ள பில் 31. மீதி 109இல் சோப்பு, பிஸ்கட், டீத்தூள், பேஸ்ட் என்று ஏதாவது ஒரு பாக்கெட் இருந்தது. இரண்டாவது படத்தின்படி அமைத்தால் அத்தனை பேருக்கும் ஆள் உள்ளே போய் எடுத்து வர வேண்டும். மூன்றாவதில் பாக்கெட்டை அவர்களே எடுத்துக்கொள்வார்கள். கவுண்டரில் இருப்பவர் தராசை மட்டும் பார்த்தால் போதும். சில்லறைச் சரக்கே பெரும்பங்கு ஓடும் கடையாக இருந்தால் நான் இரண்டாவதைத்தான் முதலில் வைத்திருப்பேன். தம்பிக்கு மூன்று, இரண்டு, ஒன்று என்று வரிசை எழுதிக் கொடுத்தேன்.

கவுண்டர் உயரம், விளக்கு, தூண் இருக்கும் இடத்தில் ரேக்கின் அளவு ஆகிய மூன்று மாற்றத்தையும் தரைப்படத்திலேயே எழுதி, தொகை கூடவில்லை என்று இன்டீரியர்காரரிடம் கையெழுத்து வாங்கினோம். வேலை தொடங்கியதும் வலப்பக்கச் சுவரில் பூச்சு உதிர்ந்து போல்ட் நிற்கவில்லை. மறுபூச்சுக்கு 14,000 ஆனது, 9 நாள் 11 நாளாயிற்று. இரண்டு நாள் மார்ஜினையும் சேர்த்துக் கடைசிக் கணக்கு 5,37,600. அது 5,40,000 வரம்புக்குள்ளேயே நின்றதால், ஒதுக்கி வைத்த 60,000ஐத் தம்பி தொட வேண்டியிருக்கவில்லை.