அடுக்கு மாறும் கணக்கு

நுழையும்முன்

இரண்டு திங்களுக்கு ஒருமுறை வீட்டு வாயிலுக்கு வரும் கணக்கீட்டாளர், மீட்டரில் தெரியும் எண்ணைக் குறித்துக்கொண்டு கட்டணத்தைத் தெரிவிக்கிறார். அத்தொகை எவ்வாறு உருவாயிற்று என்பதைப் பெரும்பாலோர் ஆராய்வதில்லை. பயன்பாடு சிறிதளவே கூடியிருக்க, கட்டணம் பன்மடங்கு கூடிவிட்டதாக எண்ணிப் பலர் திகைப்பதும் உண்டு. அத்திகைப்பிற்கான விடை, அடுக்குமுறைக் கட்டணத்தின் அமைப்பிலேயே இருக்கிறது.

அடுக்குமுறை என்பது யாது?

ஆயிரம் வாட் திறனுடைய கருவியொன்று ஒரு மணி நேரம் இயங்கினால் செலவாகும் மின்னாற்றல் ஒரு யூனிட் ஆகும். எல்லா யூனிட்டுகளுக்கும் ஒரே விலை வைப்பின், விளக்கும் மின்விசிறியும் மட்டுமே உள்ள சிறு குடும்பமும், குளிர்சாதனக் கருவிகள் நிறைந்த வீடும் ஒரே விலையையே செலுத்த நேரும். இதனைத் தவிர்க்கவே, பயன்பாடு பல அடுக்குகளாகப் பகுக்கப்பட்டு, மேலே செல்லச்செல்ல யூனிட்டின் விலை உயர்த்தப்படுகிறது. அடிப்படைத் தேவைக்கான மின்சாரம் மலிவாகவும், அதற்கு மேற்பட்டது விலை கூடியதாகவும் அமைகிறது.

தமிழகத்தில் இவ்விலைகளைத் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கிறது. 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த வீட்டுக் கட்டணம் பின்வருமாறு அமைந்தது. இவ்விலைகள் பின்னர் உயர்த்தப்பட்டன. ஆயினும் கணக்கிடும் முறை மாறவில்லை.

| இரு திங்கள் பயன்பாட்டின் அடுக்கு | மொத்தம் 500 யூனிட் வரை (ஒரு யூனிட்டுக்கு ரூபாய்) | மொத்தம் 500 யூனிட்டுக்கு மேல் (ஒரு யூனிட்டுக்கு ரூபாய்) |
|---|---|---|
| 1 – 100 | இலவசம் | இலவசம் |
| 101 – 200 | 2.25 | 4.50 |
| 201 – 400 | 4.50 | 4.50 |
| 401 – 500 | 6.00 | 6.00 |
| 501 – 600 | – | 8.00 |
| 601 – 800 | – | 9.00 |
| 801 – 1000 | – | 10.00 |
| 1000க்கு மேல் | – | 11.00 |

பாலக்கோட்டில் ஒரு வீடு

தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டில் ஒரு குடும்பம் வாழ்வதாகக் கொள்வோம். அவ்வீட்டின் மீட்டர் சென்ற முறை 12,460 எனக் காட்டியது. அறுபது நாள்கள் கழித்து 12,940 எனக் காட்டுகிறது. இரண்டிற்கும் உள்ள வேறுபாடாகிய 480 யூனிட்டே அவ்வீட்டின் பயன்பாடு. அது 500ஐத் தாண்டாமையால் அட்டவணையின் முதல் விலை வரிசை பொருந்தும்.

இனி 480 யூனிட்டை அடுக்குகளில் நிரப்புதல் வேண்டும். முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் இல்லை. அடுத்த 100 யூனிட்டுக்கு 2.25 வீதம் 225 ரூபாய். அதற்கடுத்த 200 யூனிட்டுக்கு 4.50 வீதம் 900 ரூபாய். எஞ்சிய 80 யூனிட்டுக்கு 6.00 வீதம் 480 ரூபாய். ஆக மொத்தம் 1605 ரூபாய்.

480ஐ 6 ரூபாயால் பெருக்கி 2880 ரூபாய் எனக் கணக்கிடுவது தவறு. மேலடுக்கின் விலை, அவ்வடுக்கில் விழும் யூனிட்டுகளுக்கு மட்டுமே உரியது. கீழடுக்குகளில் ஏற்கெனவே நிரம்பிய யூனிட்டுகளை அது தீண்டாது. 400 யூனிட் பயன்படுத்தியவர் 1125 ரூபாய் செலுத்துகிறார். 401 யூனிட் பயன்படுத்தியவர் 1131 ரூபாய் செலுத்துகிறார். எல்லையைக் கடந்த அந்த ஒரு யூனிட்டின் விலை 6 ரூபாயே.

ஐந்நூறு என்னும் எல்லை

இவ்விதிக்கு ஓரிடத்தில் மட்டும் விலக்கு உண்டு. மொத்தப் பயன்பாடு 500ஐக் கடந்தவுடன், அட்டவணையின் இரண்டாம் விலை வரிசை முழுமைக்கும் பொருந்துகிறது. அதன்படி 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுகளுக்கு அளிக்கப்பட்ட 2.25 என்னும் சலுகை விலை நீங்கி, அவையும் 4.50 ஆகின்றன. இங்கு மேலடுக்கைத் தொட்ட செயல், கீழடுக்கின் விலையையும் மாற்றிவிடுகிறது.

சரியாக 500 யூனிட்டுக்கு உரிய கட்டணம் 1725 ரூபாய். 501 யூனிட்டுக்கோ, முதல் 100 போக, அடுத்த 300 யூனிட்டுக்கு 1350, அடுத்த 100 யூனிட்டுக்கு 600, கடைசி ஒரு யூனிட்டுக்கு 8 எனக் கூடி 1958 ரூபாய் ஆகிறது. ஒரேயொரு யூனிட்டால் 233 ரூபாய் உயர்ந்தது. இதில் 8 ரூபாய் அந்த யூனிட்டின் விலை. எஞ்சிய 225 ரூபாய், இரண்டாம் நூறு யூனிட்டுகள் இழந்த சலுகையின் மதிப்பு.

> தெரியுமா?
> 2022க்கு முந்தைய கட்டணமுறையில் இப்பள்ளம் இன்னும் ஆழமாக இருந்தது. நிலைக்கட்டணத்தையும் சேர்த்து, 500 யூனிட்டுக்கு 1130 ரூபாயும் 501 யூனிட்டுக்கு 1786.60 ரூபாயும் செலுத்த வேண்டியிருந்தது. ஒரு யூனிட்டின் வேறுபாடு 656.60 ரூபாய்.

நான்கு நாள் தாமதம்

மேற்கூறிய வீட்டில் நாளொன்றுக்குச் சராசரியாக 8 யூனிட் செலவாகிறது. கணக்கீடு அறுபதாம் நாளில் நிகழ்ந்தமையால் 480 யூனிட் வந்தது. அதே குடும்பம், அதே பழக்கத்துடன் வாழ்ந்து, கணக்கீடு அறுபத்து நான்காம் நாளில் நிகழ்ந்திருந்தால் 512 யூனிட் வந்திருக்கும். இரண்டாம் விலை வரிசைப்படி 1350, 600, மேலும் 12 யூனிட்டுக்கு 96 எனக் கூட்டினால் 2046 ரூபாய். கூடிய 32 யூனிட்டுக்கு 441 ரூபாய் கூடுதல்.

இவ்விடத்தில் ஒரு நுட்பம் கருதத்தக்கது. தாமதமாகக் கணக்கிட்ட நான்கு நாள்களின் யூனிட்டுகள் எப்படியும் செலுத்தப்பட வேண்டியவையே. அவை இம்முறை சேராவிடில் அடுத்த முறை சேரும். ஆனால் அடுத்த முறை அவை கீழடுக்கில் விழுந்திருக்கக்கூடும். இம்முறையோ மேலடுக்கில் விழுந்ததோடு பழைய சலுகையையும் நீக்கிவிட்டன. எனவே கட்டணம் திடீரென உயர்ந்ததாகத் தோன்றினால், மீட்டரைக் குறைகூறும் முன், வெள்ளை அட்டையில் குறித்த இரண்டு கணக்கீட்டு நாள்களுக்கும் இடைப்பட்ட நாள்களை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவ்விடைவெளியால் பயன்பாட்டை வகுத்தால் நாட்சராசரி கிடைக்கும். சராசரி மாறாமல் நாள்கள் மட்டும் கூடியிருந்தால், காரணம் இடைவெளியே. நாள்கள் மாறாமல் சராசரி கூடியிருந்தால், காரணத்தை வீட்டிலுள்ள கருவிகளிலோ, இணைப்பிலோ, மீட்டரிலோ தேடுதல் தகும்.

சேமிப்பின் மதிப்பு

ஒரு யூனிட்டைச் சேமித்தால் எவ்வளவு மிச்சம் என்னும் வினாவிற்கு ஒரே விடை இல்லை. 300 யூனிட் பயன்படுத்தும் வீட்டில் அது 4.50 ரூபாய். 512 யூனிட் பயன்படுத்திய நம் வீட்டிலோ, 12 யூனிட்டைக் குறைத்துச் சரியாக 500இல் நின்றிருந்தால் 321 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

அந்த 12 யூனிட் எத்துணைச் சிறிது என்பதையும் கணக்கிடலாம். 1500 வாட் திறனுடைய நீர்ச் சூடேற்றி எட்டு மணி நேரம் இயங்கினால் 12 யூனிட் செலவாகும். அந்த எட்டு மணி நேரத்தை 64 நாள்களுக்குப் பகிர்ந்தால், நாளொன்றுக்கு ஏழரை நிமிடம். நீர் சூடான பின்னும் நிறுத்த மறந்த ஏழரை நிமிடமே அவ்வீட்டை எல்லை கடக்கச் செய்தது எனலாம்.

இச்சேமிப்பு எல்லைக்கு அருகில் நிற்போருக்கே இவ்வளவு பயன் தரும். 700 யூனிட் பயன்படுத்தும் வீட்டில் 12 யூனிட் குறைந்தால் 108 ரூபாய் மட்டுமே குறையும். ஆகவே தம் வீடு எவ்வடுக்கில் நிற்கிறது என்பதைக் கணக்கீட்டு நாளுக்கு முன்பே மீட்டரைப் பார்த்து அறிபவரே, எந்த யூனிட்டைச் சேமிப்பது பயனுடையது என்பதை அறிவர்.

கற்பவை கற்றபின்...

1. மேற்கண்ட அட்டவணையைக் கொண்டு 350 யூனிட்டுக்கும் 650 யூனிட்டுக்கும் உரிய கட்டணங்களைக் கணக்கிடுக.
2. 400 என்னும் எல்லையைக் கடப்பதற்கும் 500 என்னும் எல்லையைக் கடப்பதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.
3. உங்கள் வீட்டு வெள்ளை அட்டையிலுள்ள கடைசி மூன்று கணக்கீடுகளின் நாட்சராசரியைக் கண்டறிந்து, கட்டண வேறுபாட்டிற்கான காரணத்தை ஒரு பத்தியில் எழுதுக.