கடைசி மூலையைப் பாருங்கள்!

ஓம் விதியை நீங்கள் அறிவீர்கள். மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும். நான்கு மின்னழுத்தங்களுக்கும் நான்கு மின்தடைகளுக்கும் உரிய பதினாறு விடைகளைக் கணினி விரிதாளில் காண்போம்.

B1 முதல் E1 வரை 2, 4, 6, 8 வோல்ட் என்றும், A2 முதல் A5 வரை 5, 10, 20, 40 ஓம் என்றும் எழுதுவோம். B2 கட்டத்தில் மட்டும் வாய்பாட்டை எழுதி, மற்றப் பதினைந்து கட்டங்களுக்கும் நகலெடுத்தால் போதும்.

ஆனால் நகலெடுக்கும்போது முகவரிகளும் நகரும். வாய்பாடு ஒரு கட்டம் வலப்புறம் சென்றால் முகவரியின் எழுத்து மாறும். ஒரு கட்டம் கீழே சென்றால் எண் மாறும். எதன் முன் $ குறி உள்ளதோ, அது மட்டும் மாறாது. மின்னழுத்தம் எப்போதும் முதல் நிரையில் உள்ளது. ஆகவே 1 மாறக் கூடாது. மின்தடை எப்போதும் A நிரலில் உள்ளது; ஆகவே A மாறக் கூடாது. எனவே B2-இல் எழுத வேண்டியது:

```
=B$1/$A2
```

ஒரு $ விடுபட்டால் என்ன ஆகும்? =B$1/A2 என்று எழுதிவிட்டதாகக் கொள்வோம். B நிரலில் கீழே இறங்கிப் பார்த்தால் 0.4, 0.2, 0.1, 0.05 என எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனால் வலப்புறம் C2-இல் அது =C$1/B2 ஆகிவிடும். மின்தடைக்குப் பதில் முந்தைய விடையால் வகுத்து, 0.8 வரவேண்டிய இடத்தில் 10 வரும். அடுத்த கட்டத்தில் வருவது 0.6, சரியான விடை 1.2. இந்த 0.6-ஐப் பார்த்து யாரும் ஐயுற மாட்டார்கள். கணினியும் பிழை என்று சொல்லாது, ஏனெனில் வகுத்தல் முறையாகவே நடந்துள்ளது.

மாறாக, =B1/$A2 என்று எழுதினால் முதல் நிரை முழுவதும் சரியாக இருக்கும்; கீழே இறங்கினால்தான் தவறும். ஆகவே ஒரு திசையில் மட்டும் சோதிப்பது போதாது.

இரு திசைகளிலும் மிகத் தொலைவில் உள்ள கட்டம் எது? எதிர் மூலையில் உள்ள E5. அதைத் தேர்ந்து F2 விசையை அழுத்தினால் வாய்பாடு தெரியும். அது =E$1/$A5 என்று இருக்க வேண்டும். முதல் பிழையில் அங்கே =E$1/D5 என்றும், இரண்டாம் பிழையில் =E4/$A5 என்றும் இருக்கும். விடையை மட்டும் பாராமல் வாய்பாட்டையே படியுங்கள். தொடக்கமும் எதிர் மூலையும் சரியானால், இடையிலுள்ள நகல்களின் முகவரிகளும் சரியே.

இச்சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. இடையில் ஒரு கட்டத்தில் யாரேனும் வெறும் எண்ணைத் தட்டியிருந்தால் மூலை அதைக் காட்டாது. தொடக்கத்திலேயே மின்தடையை மின்னழுத்தத்தால் வகுத்திருந்தாலும் காட்டாது. ஆகவே B2-இன் விடையைக் கையால் ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள்.

பயிற்சி: B2-இல் =$B1/A$2 என்று எழுதினால் E5-இல் எந்த வாய்பாடு இருக்கும்? முதலில் தாளில் எழுதுங்கள். பின்பு கணினியில் சரிபாருங்கள்.