தேதியைத் தள்ளுறது ரீபேஸ்லைன் ஆகாது

ப்ராஜெக்ட் ப்ளான் கிழிஞ்சு போச்சுன்னா புது பேஸ்லைன் போடலாமா? எப்போ போடலாம்? இதுக்கு நான் காட்டுற உதாரணம் ஷோனெஃபெல்ட்ல இருக்கிற பெர்லின் விமான நிலையம்.

2012 ஜூன் 3 அன்று திறப்பு விழா. மே 8 அன்று அதை ரத்து செய்தார்கள். தீ பிடித்தால் புகையை வெளியேற்றும் அமைப்பு தயாராகவில்லை. அதே மாதமே புதுத் தேதி வந்தது: 2013 மார்ச் 17. செப்டம்பரில் அது 2013 அக்டோபர் 27 ஆனது. 2013 ஜனவரியில் அதுவும் போச்சு. இத்தனைக்கும் நடுவில் திட்ட வடிவமைப்பாளர்களின் ஒப்பந்தத்தையும் முறித்திருந்தார்கள். மிச்ச வேலை எவ்வளவுன்னு நல்லா தெரிஞ்சவங்க வெளியே. தேதி மட்டும் உள்ளே.

2017 மார்ச்சில் பொறுப்பேற்ற எங்கல்பெர்ட் லுட்கே டால்ட்ரூப் உடனே தேதி சொல்லவில்லை. அந்த டிசம்பரில்தான் 2020 அக்டோபர் என்றார். 2020 அக்டோபர் 31 அன்று திறந்தார்கள். என் கணக்கில் ரீபேஸ்லைன்னு சொல்லத் தகுந்தது இதுதான்.

நம்ம அளவுக்கு வருவோம். 10 மாத ப்ராஜெக்ட், பட்ஜெட் 5,00,000 யூரோ. 6 மாதம் முடிவில் 3,00,000 மதிப்புள்ள வேலை முடிந்திருக்க வேண்டும். முடிந்தது 2,00,000 மதிப்புக்குத்தான், செலவு 2,80,000. இதே வேகத்தில் போனால் மொத்தம் 7,00,000 ஆகும். இது கணிப்பு மட்டுமே. பேஸ்லைன் 5,00,000ஆகவே இருக்கணும். அதை 7,00,000ன்னு மாத்திட்டா அடுத்த மாத ரிப்போர்ட் முழுக்கப் பச்சை. வேலை ஏன் மெதுவா போகுதுங்கிற கேள்வியே காணாமப் போயிடும்.

அப்போ எப்போ மாத்தலாம்? கிளையண்ட் புதுசா ஒரு மாட்யூல் கேட்டு, அதுக்கு ஒப்புதலும் வந்தா, அந்த வேலையின் அளவுக்கு மட்டும் கூட்டலாம். இன்னொன்று, பழைய ப்ளானை வெச்சு இனி யாருமே முடிவெடுக்க முடியாது என்ற நிலை. அப்பவும் தாமதத்தின் காரணம் தெரியணும். மிச்ச வேலையை, அதைச் செய்யப்போறவங்களே முதலிலிருந்து மதிப்பிட்டிருக்கணும். "மேலிடம் மார்ச்னு சொல்லிட்டாங்க" என்பது மதிப்பீடு இல்லை.

முடிவைப் பதிவு செய்ய ஒரு பக்கம் போதும். பழைய தேதி, பழைய தொகை, அன்று வரை ஆன செலவு, முடிந்த வேலை, காரணம், மிச்ச வேலையை யார் எப்படி மதிப்பிட்டார்கள், யார் ஒப்புக்கொண்டார்கள் என்று எழுதுங்கள். புது ப்ளான் எதை நம்பி நிற்கிறதுன்னும் சேருங்க: "டெஸ்ட் சர்வர் ஜூலை 1க்குள் வரும்" மாதிரி. அது வரலைன்னா யாரைக் கூப்பிடணும்னு அதே வரியில் இருக்கட்டும். பழைய ஃபைலை அழிக்காமல் `baseline_v1` என்றே பூட்டி வையுங்கள். ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் புது பேஸ்லைனுக்குப் பக்கத்தில் அதுக்கும் ஒரு காலம் ஒதுக்குங்க. மேனேஜர் அதை எடுக்கச் சொன்னா, அந்தக் கோரிக்கையையும் பதிவில் எழுதிடுங்க.