மிஞ்சிய ஹைட்ரைடு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடைக் கொண்டு நடத்திய ஒடுக்கவினை முடிந்ததும், மிச்சத்தை அழிக்கத் தண்ணீர் ஆகவே ஆகாது என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் ஃபீசர் பெயரால் அறியப்படும் வழக்கமான முறை தண்ணீரில்தான் தொடங்குகிறது. ஆபத்து அதன் அளவிலும் வேகத்திலும் இருக்கிறது.

வினையில் 2 கிராம் ஹைட்ரைடு சேர்த்திருந்தால், கலவையை ஈதரால் நீர்க்கச் செய்து, நைட்ரஜன் ஓட்டத்தில் பனிக்கட்டித் தொட்டியில் 0 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டும். பிறகு 2 மி.லி. தண்ணீர், 2 மி.லி. 15% சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல், 6 மி.லி. தண்ணீர் என இந்த வரிசையில் சேர்க்க வேண்டும். முதல் 2 மி.லி. தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக, ஒவ்வொரு சொட்டின் நுரையும் அடங்கிய பிறகே விட வேண்டும். 2 கிராமும் வினைபுரியாமல் கிடந்தால் சுமார் 5 லிட்டர் ஹைட்ரஜன் வெளிவரும். ஆகவே குடுவையை மூடக் கூடாது; ஃப்யூம் ஹுட்டுக்குள் வாயு வெளியேற வழி வேண்டும், அருகில் தீப்பொறி எழக் கூடாது.

தண்ணீர் கூடினால் பாதுகாப்பு கூடும் என்பதும் தவறு. அளவு மீறினால் அலுமினியம் ஹைட்ராக்சைடு கொழகொழத்த கூழாகி, வடிதாளை அடைத்து, விளைபொருளையும் பிடித்துக்கொள்ளும். அளவு சரியாக இருந்தால் மணல் போன்ற வெண்ணிற வீழ்படிவு கிடைக்கும், எளிதில் வடியும்.

நுரை நின்றால் எல்லாம் முடிந்தது என்ற நம்பிக்கைதான் மிகவும் ஆபத்தானது. கட்டிகளின் மேல் வெள்ளை ஓடு படிந்து, உள்ளே ஹைட்ரைடு உயிரோடு இருக்கலாம். கலக்கி நின்றுபோன குடுவையில் சேர்த்த தண்ணீர் ஒரே இடத்தில் தேங்கி, கலக்கி மீண்டும் சுழலும்போது மொத்தமாகப் பொங்கும். சாம்பல் நிறம் மறைந்து முழுக்க வெண்மையாகும் வரை கலக்க வேண்டும். அதன் பிறகே குடுவையை அறை வெப்பநிலைக்குக் கொண்டுவரலாம். மிச்சம் அதிகம் என்று ஐயம் இருந்தால் முதலில் எத்தில் அசிட்டேட்டைச் சொட்டுவது நல்லது. ஹைட்ரைடு அதை எத்தனாலாக ஒடுக்கும். அந்தப் படியில் ஹைட்ரஜன் எழாது. ஆனால் வெப்பம் எழும். அங்கும் அவசரம் கூடாது.

சோடியத்துக்கும் இதே முறை பொருந்தும் என்று எண்ணக் கூடாது. துண்டுகளைச் சிறிதாக நறுக்கி, டொலுயீனில் மூழ்கவைத்து, மெதுவாக வினைபுரியும் ஐசோபுரோப்பனாலைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். பின்னர் எத்தனால், உலோகத் துணுக்கு ஒன்றும் இல்லை என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்த பிறகே தண்ணீர். குளோரோஃபார்ம் போன்ற குளோரின் கரைப்பான்களைச் சோடியத்தின் அருகே கொண்டுவரவே கூடாது, இரண்டும் சேர்ந்தால் வெடிக்கக்கூடும்.

தீப்பற்றினால் கார்பன் டை ஆக்சைடு அணைப்பான் போதும் என்பதும் தவறு. சோடியமும் இந்த ஹைட்ரைடும் அந்த வாயுவோடும் வினைபுரியும். உலர்ந்த மணலோ, உலோகத் தீக்கான உலர்பொடியோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஈரமான மணல் ஹைட்ரஜனைக் கிளப்பித் தீயை வளர்க்கும்.