தட்டு மாறினால் கேக் அளவும் மாறும்

கலஹாவில் வீட்டு விசேஷத்துக்குப் பட்டர் கேக் போடுகிறீர்கள். கையில் இருப்பது 8 அங்குலச் சதுரத் தட்டுக்கான அளவு; தட்டோ 10 அங்குலம். அகலத்தை அல்ல, பரப்பைக் கணக்கிடுங்கள்.

● 8×8=64, 10×10=100. ஆக, ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பட்டர், சீனி, கோதுமை மா தலா 250 கிராம், முட்டை 4 என்றிருந்தால், இப்போது தலா 375 கிராம், முட்டை 6.

● 8 அங்குல வட்டத் தட்டுக்குச் சதுரத்தின் முக்கால் பங்கு போதும், முட்டை 3.

● கலவையின் உயரம் மாறாததால் சூட்டை மாற்ற வேண்டாம். பெரிய தட்டுக்கு 5 முதல் 10 நிமிடம் கூடலாம்.

● பழைய அளவையே பெரிய தட்டில் ஊற்றினால் கேக் மெல்லியதாகிச் சீக்கிரம் காய்ந்துவிடும். 10 நிமிடம் முன்னதாகவே பாருங்கள்.

● ஈர்க்குச்சியை நடுவில் குத்துங்கள்; மா ஒட்டாமல் வந்தால் பதம். மேல் சிவந்தும் நடு வேகவில்லையென்றால், அலுமினியத் தாளால் மூடி இன்னும் சற்று வேகவிடுங்கள்.